ஒரு பட்டைக்கு மட்டும் நிறம்: யாரைக் காட்டுகிறோம், எதை வைத்துக் காட்டுகிறோம்?

வன்கொடுமை புள்ளிவிவரம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் சில படங்கள் நம் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. மாநில வாரியாகப் பட்டைகள் வரிசையாக நிற்கும். எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் ரத்தச் சிவப்பில் இருக்கும். பார்த்தவுடன் கண் அங்கே போகிறது. எண்ணைப் படிப்பதற்கு முன்பே யார் குற்றவாளி என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அடுத்த நிமிடமே நாமும் அதை நாலு குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இந்த முறையில் தவறில்லை. இருபது பட்டைக்கு இருபது நிறம் பூசிய படம் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. சொல்ல வந்த ஒன்றை அழுத்தமாகவும் மற்றவற்றை அடக்கமாகவும் காட்டுவது வாசகருக்குச் செய்யும் உதவிதான். ஆனால் நிறம் பூசப்பட்ட பட்டை நீட்டிய விரலைப் போன்றது. விரல் நீட்டுகிறவர் எதை வைத்து நீட்டுகிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாமே நீட்டும்போது அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் கடமையும் உண்டு. எங்கள் கருத்து இதுதான்: நிறம் பூசிய பட்டையின் பொருளைச் சாம்பல் பட்டைகள்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே முதலில் சரிபார்க்க வேண்டியது சாம்பலை.

ஒரே ஆண்டு, ஒரே அட்டவணை, இரண்டு குற்றவாளிகள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவானவை 50,900 வழக்குகள். எண்ணிக்கையில் முதல் நான்கு மாநிலங்கள்: உத்தரப் பிரதேசம் 13,146, ராஜஸ்தான் 7,524, மத்தியப் பிரதேசம் 7,214, பீகார் 5,842. தமிழ்நாட்டில் 1,377.

இந்த ஐந்தையும் பட்டைகளாக்கி, உத்தரப் பிரதேசத்தைச் சிவப்பாக்கினால் படம் மிக வலுவாக இருக்கும். அடுத்த பட்டையைவிட ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் நீளம். நாட்டின் மொத்த வழக்குகளில் நாலில் ஒன்று அங்கேதான். எந்த எண்ணிலும் பொய் இல்லை.

இப்போது மக்கள்தொகையைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 413.6 லட்சம் பேர். மத்தியப் பிரதேசத்தில் 113.4 லட்சம். ஒரு மாநிலத்தில் நம் மக்கள் மூன்றரை மடங்குக்கும் அதிகம் என்றால் வழக்கின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும். ஆகவே வழக்குகளை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். 13,146ஐ 413.6ஆல் வகுத்தால் லட்சம் பேருக்கு 31.8. மத்தியப் பிரதேசத்தின் 7,214ஐ 113.4ஆல் வகுத்தால் 63.6. இதேபோல் ராஜஸ்தானுக்கு 61.6, பீகாருக்கு 35.3, தமிழ்நாட்டுக்கு 9.5. இந்தியா முழுமைக்கும் 25.3. காப்பகமே தன் அட்டவணையில் இந்த விகிதத்தைத் தருகிறது. நாம் கணக்குப் போடக்கூட வேண்டியதில்லை.

விகிதத்தை வைத்துப் படத்தை மறுபடி வரைந்தால் உத்தரப் பிரதேசம் ஐந்தில் நான்காவது இடத்துக்கு இறங்கிவிடுகிறது. பீகார்கூட அதற்கு மேலே நிற்கிறது. நிறம் இப்போது மத்தியப் பிரதேசத்துக்குப் போக வேண்டும். அதை ஒட்டியே ராஜஸ்தான் நிற்கிறது. ஆண்டு மாறவில்லை, அட்டவணை மாறவில்லை. எதை அளக்கிறோம் என்பது மட்டும் மாறியது. குற்றவாளியும் மாறிவிட்டார்.

இதில் அரசியல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021இல் உத்தரப் பிரதேசத்தில் பாஜக ஆட்சி, ராஜஸ்தானில் காங்கிரஸ் ஆட்சி. ஒரு கட்சிக்காரர் எண்ணிக்கைப் படத்தை எடுத்து உத்தரப் பிரதேசத்துக்குச் சிவப்பு பூசுவார். இன்னொருவர் விகிதப் படத்தை எடுத்து ராஜஸ்தானுக்குப் பூசுவார். தம் கட்சி ஆண்ட மத்தியப் பிரதேசம் அதைவிட நீளமாக நிற்பதைச் சாம்பலுக்குள் அமுக்கிவிடுவார். இருவருக்கும் நம் மக்களின் ரத்தம் வண்ணப்பெட்டி. கணக்கு கேட்கிற இடத்தில் நாம் நிற்க வேண்டுமென்றால், நிறத்தைக் கட்சி பார்த்துப் பூசக் கூடாது. படத்தின் தலைப்பு வாக்கியம் பார்த்துப் பூச வேண்டும்.

அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. முதலில் தலைப்பை முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். "பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள், 2021" என்பது வாக்கியம் அல்ல, பெயர்ப்பலகை. "லட்சம் பேருக்குப் பதிவான வழக்குகளில், எடுத்துக்கொண்ட ஐந்து மாநிலங்களில் மத்தியப் பிரதேசமே முதலிடம்" என்பது வாக்கியம். அந்த வாக்கியத்தின் எழுவாய் எதுவோ அந்தப் பட்டைக்கு மட்டும் நிறம். பிறகு ஒவ்வொரு சாம்பல் பட்டையாகப் பார்த்து, இது என் வாக்கியத்தைப் பொய்யாக்குகிறதா என்று கேளுங்கள். நீங்கள் நிறம் பூசியதைவிட நீளமான பட்டை ஒன்று சாம்பலில் நின்றால், அதைப் பற்றித் தலைப்பில் ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். ராஜஸ்தானைத்தான் பேசப்போகிறோம் என்றால் "மத்தியப் பிரதேசத்துக்கு அடுத்து ராஜஸ்தான்" என்று எழுதினால் போதும். நிறமும் நேர்மையும் இரண்டும் நிற்கும்.

குட்டையான பட்டைக்கு நிறம் பூசினால்

மேலே உள்ள படத்தில் நம்மை உறுத்த வேண்டியது தமிழ்நாட்டின் பட்டை. 9.5 என்பது இந்திய அளவான 25.3இல் பாதிகூட இல்லை. மற்ற நான்கையும் சாம்பலாக்கி இதற்கு மட்டும் நிறம் பூசி, "இது சமூகநீதி மண்" என்று தலைப்பு வைத்தால் மேடைக்கு மேடை காட்டலாம். எந்தக் கட்சி ஆண்டாலும் காட்டலாம்.

பட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் அது எதை எண்ணுகிறது? நடந்த வன்கொடுமையை அல்ல. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவான வழக்கை. ஒரு தெருவே தாக்கப்பட்டு ஒரே வழக்காகப் பதிவானால் அது ஒன்று. ஒரே வழக்கில் பல குற்றப் பிரிவுகள் இருந்தால் அவற்றில் பெரிய குற்றம் எதுவோ அதன் கணக்கில் மட்டும் சேரும். புகாரே வாங்காமல் திருப்பி அனுப்பினால் அது பூஜ்யம்.

தமிழ்நாட்டில் புகார் கொடுக்கப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து "விசாரிக்கிறோம், போங்க" என்று அனுப்புவது பழகிப்போன நடைமுறை. பிறகு சமரசப் பேச்சு நடக்கும். எதிர்த்தரப்பிடம் ஒரு பதில் புகார் வாங்கப்படும். இதில் ஓய்ந்துபோன புகார்கள் எதுவும் அந்த 1,377இல் இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் 2019இல், வரும் புகார்களையெல்லாம் பதிவு செய்தே தீர வேண்டும் என்றும், காவல் நிலையம் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்யலாம் என்றும் அரசு ஏற்பாடு செய்தது. அப்படிச் செய்தால் பட்டை நீளத்தான் செய்யும். நீளமான பட்டையில் கொடுமையும் இருக்கிறது, திறந்த கதவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அந்தப் பட்டையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. குட்டையான பட்டைக்கும் இதுவே பொருந்தும்.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். "தமிழ்நாட்டில் வன்கொடுமை குறைவு" என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்வது எப்படித் தவறோ, அப்படியே "தமிழ்நாட்டில் வழக்குகள் அமுக்கப்படுகின்றன, இதோ ஆதாரம்" என்று இதே படத்தைக் காட்டுவதும் தவறு. பதிவாகாததைப் பதிவானவற்றின் பட்டை காட்டாது. இந்தப் படத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால் தலைப்பில் "பதிவான வழக்குகள்" என்ற இரண்டு சொற்களும் கட்டாயம் இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு நிறத்தை மட்டும் பெரிதாகப் போடுவது ஏமாற்று.

அமுக்கப்படுகிறது என்பதுதான் நம் வாதம் என்றால், அதற்கு வேறு படம் வேண்டும். அதை மாணவர்களே வரையலாம். ஒரு வட்டத்தில் நம் அமைப்புகள் துணைநின்று கொடுத்த புகார்களை ஒரு ஆண்டுக்குத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஒவ்வொரு புகாரும் எங்கே போய் நின்றது என்று ஐந்தாகப் பிரியுங்கள்: ரசீதே தராதவை, சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றவை, முதல் தகவல் அறிக்கை ஆனாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்படாதவை, அந்தச் சட்டப்படி பதிவாகி விசாரணையில் இருப்பவை, குற்றப்பத்திரிகை தாக்கலானவை. ஒரு புகார் ஒரு பிரிவில்தான் வர வேண்டும். இந்த ஐந்து பட்டைகளில் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றவற்றுக்கு மட்டும் நிறம் பூசுங்கள். மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடும் சண்டை இதில் இல்லை. எந்தப் படியில் நீதி நிறுத்தப்படுகிறது என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. நாற்பது புகார் என்றாலும் போதும்; "நாங்கள் கொடுத்த நாற்பது புகார்களில்" என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டால் அது நேர்மையான படம்.

பாரிஸில் ஒரு சிவப்புப் பட்டை

ஒரு பட்டைக்கு மட்டும் நிறத்தை மாற்றிப் பேசவைப்பது கணினியோடு வந்த வித்தை அல்ல. 1900இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அதற்காக அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ.இ.பி. டு போய்ஸும் அவரோடு இருந்தவர்களும் கையால் வரைந்த சுமார் அறுபது வரைபடங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதியதும், அதற்கு அந்த ஆண்டு ஜூலையில் பதில் எழுதியதும் இதே டு போய்ஸ்தான்.

அந்த வரைபடங்களில் ஒன்று எழுத்தறிவின்மை பற்றியது. பல நாடுகளின் பட்டைகள் பச்சையில் இருக்கின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பட்டை மட்டும் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் அளவைக் காட்டும் படத்தில் தன் மக்களின் பட்டைக்கே அவர் நிறம் பூசியிருக்கிறார். தனியாகப் பார்த்தால் அது தன் மக்களின் குறையைத் தானே காட்டுவது போலத் தோன்றும். ஆனால் அந்தச் சிவப்புப் பட்டைக்கு மேலே ருமேனியா, செர்பியா, ரஷ்யா ஆகியவை அதைவிட நீளமாக நிற்கின்றன. படிக்கக் கற்றுக்கொடுப்பதையே பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்த ஒரு மக்கள், அடிமை முறை ஒழிந்து 35 ஆண்டுகளில், ஒரு பேரரசின் குடிமக்களைத் தாண்டி வந்திருக்கிறார்கள். அதைச் சொன்னது சிவப்பு அல்ல, சுற்றியிருந்த பச்சை. பக்கத்தில் அமெரிக்க வெள்ளையர்களை மட்டும் நிறுத்தியிருந்தால் அதே சிவப்பு வேறு கதையைச் சொல்லியிருக்கும்.

இதை நம் எழுத்தறிவுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 73 விழுக்காடு, பட்டியல் சாதியினர் 66, பழங்குடியினர் 59. வழக்கமாக வரும் படத்தில் "அனைவரும்" என்ற பட்டை சாம்பலில் இருக்கும், பட்டியல் சாதியினர் பட்டைக்கு நிறம் இருக்கும். இடைவெளி ஏழு புள்ளி. ஆனால் அந்த "அனைவரும்" என்ற பட்டைக்குள் நாமும் இருக்கிறோம், பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். நம்மை நம்மோடேயே ஒப்பிடும் படம் அது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, பழங்குடியினர் 8.6 விழுக்காடு என்று வைத்து இருவரையும் கழித்துக் கணக்கிட்டால், மற்றவர்களின் எழுத்தறிவு ஏறக்குறைய 76 வரும். இடைவெளி ஏழு அல்ல, பத்து. சாம்பல் பட்டைக்குள் மூன்று புள்ளி ஒளிந்திருந்தது.

அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நிறம் பூசிய பட்டைதான் "பிரச்சினை" என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். சாம்பலில் இருப்பது இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார். நம் பட்டைக்கே எப்போதும் நிறம் பூசிக்கொண்டிருந்தால், குறை நம்மிடம் இருப்பதாகப் பொதுப்புத்தி படித்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் யாருக்கு முதலில் கிடைத்தது என்பதுதான் நம் வாக்கியம் என்றால், நிறம் அந்த 76க்குப் போகட்டும். நாம் சாம்பலில் நின்றுகொண்டே கேள்வி கேட்கலாம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது

கடைசியாகச் செய்முறை. எக்செலில் ஏதாவது ஒரு பட்டையை ஒரு முறை சொடுக்கினால் எல்லாப் பட்டைகளும் தேர்வாகும். அப்போது எல்லாவற்றையும் சாம்பலாக்குங்கள். பிறகு வேண்டிய பட்டையை மட்டும் மறுபடி ஒரு முறை சொடுக்கினால் அது தனியாகத் தேர்வாகும். அதில் Format Data Point என்ற இடத்தில் நிறத்தை மாற்றலாம். மாநிலங்களின் பெயர் தமிழில் நீளமாக இருப்பதால் பட்டைகளைப் படுக்கைவாட்டில் போடுங்கள். நீளத்தின் வரிசையில் அடுக்குங்கள். எண்ணைப் பட்டையின் நுனியிலேயே எழுதுங்கள்.

சாம்பல் எவ்வளவு வெளுப்பாக இருக்கலாம்? அடக்குவது வேறு, அழிப்பது வேறு. பலர் பயன்படுத்தும் #D9D9D9 வெள்ளைத் தாளில் கரைந்துபோகும். வாசகருக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. #949494 அளவுக்காவது அடர்த்தி இருந்தால்தான் பட்டையின் நுனி தெளிவாகத் தெரியும். எண்களை மட்டும் எல்லாப் பட்டைக்கும் ஒரே கறுப்பில் எழுதிவிடுங்கள். சாம்பல் பட்டையின் எண்ணையும் மங்கலாக்குகிறவர் அதை யாரும் படித்துவிடக் கூடாது என்று நினைக்கிறார்.

எந்த நிறம் பூசுவது என்பதில் நம் துண்டறிக்கைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கணினித் திரையில் வரைகிறோம். ஊருக்குள் போய்ச் சேர்வது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். திரையில் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு, ஜெராக்ஸில் அந்தச் சாம்பலோடு கலந்துவிடும். ஏனென்றால் அங்கே நிறம் போய்விடுகிறது, வெளிச்சத்தின் அளவு மட்டும் மிஞ்சுகிறது. ஆரஞ்சுக்கும் நடுத்தரச் சாம்பலுக்கும் அது கிட்டத்தட்ட ஒன்று. மஞ்சள் இன்னும் மோசம். சாம்பலைவிட வெளுத்துப்போய், முக்கியமான பட்டையே பின்னால் போய்விடும். #1F4E9E போன்ற அடர்நீலமோ அடர்சிவப்போ ஜெராக்ஸில் கறுப்பை ஒட்டி வரும், தனித்துத் தெரியும். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத கண்களுக்கும் இந்த அடர்த்தி வேறுபாடு தெரியும். அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி ஒரு முறை பாருங்கள். நிறம் போன பிறகும் எந்தப் பட்டையைச் சொல்கிறோம் என்று தெரிந்தால் சரி.

தெரியாவிட்டால் வேறு நிறம் எடுத்து மறுபடி வரைவது ஐந்து நிமிட வேலை. தலைப்பு வாக்கியத்தைச் சாம்பல் பட்டைகள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அது நிறத்தை மாற்றித் தீர்கிற விஷயம் அல்ல. அப்போது மாற்ற வேண்டியது வாக்கியத்தை.